வெள்ளிக்கிழமை என்றால் எந்த ஊர் வெள்ளிக்கிழமை? கெடு தேதியும் நேர மண்டலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, சிங்கப்பூர், டொராண்டோ என்று மூன்று ஊர்களில் ஆள் இருக்கும் ஒரு மென்பொருள் டீமின் நிலுவைப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. கீழே இருப்பவை அந்தப் பட்டியலை வைத்து என்னிடம் வந்த கேள்விகள். கணக்குப் போட வசதியாக, பெரும்பாலும் ஒரே கெடுவை உதாரணமாக எடுத்திருக்கிறேன்: 2026 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. அந்தச் சமயத்தில் டொராண்டோ சென்னையைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். சிங்கப்பூர் சென்னையைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும்.

கெடு வெள்ளிக்கிழமை என்றுதானே போட்டோம். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள். சிங்கப்பூரில் வெள்ளி பிறக்கும்போது சென்னையில் வியாழன் இரவு 9:30, டொராண்டோவில் வியாழன் நண்பகல் 12. டொராண்டோவில் வெள்ளி முடியும்போது சென்னையில் சனிக்கிழமை காலை 9:30, சிங்கப்பூரில் சனி நண்பகல். ஆக இந்த மூன்று ஊரை வைத்துப் பார்த்தால் ஒரே வெள்ளிக்கிழமை 36 மணி நேரம் ஓடுகிறது. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால் எந்த ஒரு தேதியும் 50 மணி நேரம் எங்காவது உயிரோடு இருக்கிறது.

சிக்கல் வருவது இரண்டு ஓரங்களிலும்தான். டொராண்டோவில் வெள்ளி நண்பகலில் இருந்து நள்ளிரவு வரை 12 மணி நேரம், ‘கெடு முடிந்துவிட்டது’ என்று சிங்கப்பூர்க்காரர் சொல்வதும் சரி, ‘இன்னும் இருக்கிறது’ என்று டொராண்டோக்காரர் சொல்வதும் சரி. அந்த நேரத்தில் யாராவது பட்டியலைத் திறந்தால் சண்டை நிச்சயம்.

அப்படியானால் எல்லாக் கெடுவுக்கும் மணியையும் சேர்த்துப் போட்டுவிட்டால் தீர்ந்ததா?

தீராது, இன்னும் கொஞ்சம் கெடும். எங்கள் டீமில் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தோம். மணி கட்டாயம் என்றவுடன் எல்லோரும் யோசிக்காமல் 23:59 என்று அடித்தார்கள். சென்னையில் உட்கார்ந்து ஒருவர் வெள்ளி 23:59 என்று போட்டால் அது டொராண்டோவில் வெள்ளி மதியம் 2:29. அங்கே வேலை செய்பவருக்கு அரைநாள் பறிபோகிறது. போட்டவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. டொராண்டோவில் இருந்து ஒருவர் 23:59 போட்டால் சிங்கப்பூர்க்காரருக்குச் சனிக்கிழமை 11:59 வரை இருக்கிறது, அவர் சனிக்கிழமை வேலை செய்ய வேண்டும் என்று யாரோ நினைப்பதுபோல.

கெடுவில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நாள் கெடு: ‘வெள்ளிக்குள் இந்த ஆவணத்தைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள்’. இன்னொன்று கணக் கெடு: ‘டொராண்டோ நேரம் வெள்ளி மாலை 5 மணிக்கு வாடிக்கையாளரின் பழைய சர்வர் அணைக்கப்படும்’. பிரித்துப் பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு மணி நேரம் தாமதமானால் எங்காவது கதவு மூடுமா? மூடும் என்றால் மணியும் ஊரும் சேர்த்துப் போட வேண்டும். மூடாது என்றால் தேதி மட்டும் போதும், மணி போடவே கூடாது. எங்கள் பட்டியலில் உண்மையான கணக் கெடுக்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருந்தன. மற்றதெல்லாம் கட்டாயத்துக்கு மணி ஒட்டவைத்த நாள் கெடுக்கள்.

சரி, தேதி மட்டும் போட்டோம். தாண்டிவிட்டதா என்று எந்த ஊர்க் கணக்கில் பார்ப்பது?

மூன்று வழி இருக்கிறது. பட்டியலைப் பார்ப்பவரின் ஊர், வேலையைச் செய்பவரின் ஊர், அல்லது எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஊர்.

பல கருவிகள் பேசாமல் முதல் வழியில் போகின்றன, என் அனுபவத்தில் அதுதான் ஆகாதது. ஒரே நேரத்தில் ஒரே பட்டியலைத் திறந்து சிங்கப்பூரில் ஒருவர் ‘ஏழு வேலை தாண்டியிருக்கிறது’ என்பார், டொராண்டோவில் ஒருவர் ‘நான்குதானே’ என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

நான் செய்பவரின் ஊரை எடுக்கிறேன். டொராண்டோவில் இருப்பவருக்கு ‘வெள்ளிக்குள்’ என்றால் அவர் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வெள்ளிதான். அவரை ஒன்பதரை மணி நேரம் கழித்துக் கணக்குப் போடச் சொல்வதைவிட அந்தக் கணக்கைப் பட்டியல் போடட்டும்.

ஒரு விலக்கு உண்டு: முடித்த வேலையை வாங்கிக்கொள்ள இன்னொருவர் காத்திருந்தால், காத்திருப்பவரிடம் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சென்னையில் சோதனை செய்பவர் வெள்ளி காலை 9:30க்குத் தொடங்க வேண்டும் என்று வையுங்கள். அது டொராண்டோவில் சரியாக வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நள்ளிரவு. ஆக டொராண்டோக்காரரின் வேலைச் சீட்டில் கெடு வியாழன், மார்ச் 12. சோதனை செய்பவரின் சீட்டில் வெள்ளி, மார்ச் 13. இரண்டையும் ‘வெள்ளி’ என்று ஒரே தேதியில் போட்டால், டொராண்டோக்காரர் வெள்ளி மாலை 6 மணிக்குச் சொன்ன சொல் தவறாமல் அனுப்புவார். சென்னையில் அது சனிக்கிழமை அதிகாலை 3:30. சோதனை திங்களுக்குப் போய்விடும், கெடுவைத் தாண்டியவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

நான் மார்ச் 13 என்று போட்டேன். டொராண்டோவில் இருப்பவருக்கு 12 என்று காட்டுகிறது. ஏன்?

யாரோ தேதியைக் கணமாக மாற்றிவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய கருவி என்றால் பெரும்பாலும் இந்த வரிதான்:

```js
const d = new Date("2026-03-13");
d.toLocaleDateString("en-CA");
// சென்னை: 2026-03-13   டொராண்டோ: 2026-03-12
```

தேதி மட்டும் கொண்ட சரத்தை ஜாவாஸ்கிரிப்ட், உலகப் பொது நேரமான யுடிசியின் நள்ளிரவாகப் படிக்கிறது. யுடிசி நள்ளிரவு என்பது சென்னையில் அன்று காலை 5:30, சிங்கப்பூரில் காலை 8. தேதி மாறாததால் இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. டொராண்டோவில் அது முந்தைய நாள் இரவு 8 மணி, அதனால் 12.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சென்னையில் ஒருவர் நாள்காட்டியில் 13ஐச் சொடுக்குகிறார். கருவி அதைச் சென்னை நள்ளிரவாக எடுத்து, யுடிசிக்கு மாற்றி, முதல் பத்து எழுத்தை வெட்டிச் சேமிக்கிறது:

```js
const d = new Date(2026, 2, 13);   // மாதம் 0 முதல்
d.toISOString();                   // 2026-03-12T18:30:00.000Z
d.toISOString().slice(0, 10);      // 2026-03-12
```

இது சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரு நாள் குறைக்கும். டொராண்டோவில் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அங்கே நள்ளிரவு யுடிசியில் அதே நாள் காலை 4 மணி. முதல் கோளாறு கிழக்கே தெரியாது, இரண்டாவது மேற்கே தெரியாது. ‘என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது’ என்று இரண்டு பக்கமும் மனசாட்சியோடு சொல்ல முடிவது இதனால்தான். ஒரு கருவியில் இரண்டும் சேர்ந்து இருந்ததையும் பார்த்திருக்கிறேன். சென்னையில் போட்ட 13, டொராண்டோவில் 11ஆகப் போய் நின்றது.

கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. மணியே போடாத வேலையின் பக்கத்தில் காலை 5:30 என்று தெரிந்தால் அது முதல் கோளாறு. தரவுத்தளத்தில் கெடு நேரங்கள் வரிசையாக 18:30 என்று இருந்தால் அவை இந்திய நள்ளிரவுகள், தேதியாக இருந்திருக்க வேண்டியவை. 16:00 என்றால் சிங்கப்பூர் நள்ளிரவு.

சரிசெய்ய ஒரே வழி, நாள் கெடுவைக் கடைசி வரை தேதியாகவே வைத்திருப்பது. தரவுத்தளத்தில் `date` வகை, இணையத்தில் அனுப்பும்போது `2026-03-13` என்ற சரம், திரையில் காட்டும்போதும் அதே மூன்று எண்கள். நடுவில் எங்கேயும் `Date` பொருளாக மாற்றக் கூடாது.

தினமும் சென்னை நேரம் காலை 9 மணிக்குப் பட்டியல் தானாக மின்னஞ்சலில் வருகிறது. டொராண்டோக்காரர்கள் மட்டும் ஏன் முணுமுணுக்கிறார்கள்?

அவர்களுக்கு அப்போது முந்தைய நாள் இரவு 11:30. நாள் முடிய இன்னும் அரை மணி இருக்கிறது. நீங்கள் அனுப்பும் பட்டியலில் அவர்கள் பெயர் அதற்குள் சிவப்பில் வந்துவிட்டது.

சர்வர் யுடிசியில் ஓடி, கெடுவைச் சர்வரின் தேதியோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். டொராண்டோவில் இரவு 8 மணிக்கே யுடிசி தேதி மாறிவிடும். தினமும் 8 மணியில் இருந்து நள்ளிரவு வரை அவர்கள் வேலை அநியாயமாகச் சிவப்பாகும். சென்னையில் இதன் மறுபக்கம்: நள்ளிரவு தாண்டி காலை 5:30 வரை நேற்றைய கெடு இன்னும் பச்சையாகவே இருக்கும். யாரும் புகார் செய்ய மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஒவ்வொருவரின் பக்கத்திலும் அவர் ஊரின் மண்டலப் பெயரைச் சேமித்து, ஒப்பீட்டை அதில் செய்தால் போதும். போஸ்ட்கிரெஸில்:

```sql
SELECT t.title, m.name
FROM tasks t JOIN members m ON m.id = t.owner_id
WHERE t.done_at IS NULL
  AND t.due_on < (now() AT TIME ZONE m.tz)::date;
```

`m.tz` என்பது `Asia/Kolkata`, `Asia/Singapore`, `America/Toronto` போன்ற பெயர். இந்தக் கேள்வியை எந்த நேரத்தில் எங்கிருந்து ஓட்டினாலும் அந்த நொடிக்கு ஒரே விடைதான் வரும்.

அனுப்பும் நேரத்தையும் மாற்றிவிடுங்கள். நாங்கள் யுடிசி 05:30க்கு வைத்திருக்கிறோம். அது சென்னையில் காலை 11, சிங்கப்பூரில் மதியம் 1:30. டொராண்டோவில் கோடையில் இரவு 1:30, குளிர்காலத்தில் 12:30. எந்தப் பருவத்திலும் அங்கே நாள் முடிந்திருக்கும்.

எங்களிடம் அப்படி எந்தக் கருவியும் இல்லை. எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில்தான் ஓடுகிறது.

பாதகமில்லை, ஓர் அமைப்பை மட்டும் பாருங்கள். கூகுள் ஷீட்ஸில் `TODAY()` பார்ப்பவரின் ஊரை எடுப்பதில்லை. அந்தக் கோப்புக்கென்று ஒரு நேர மண்டலம் இருக்கிறது, அதை எடுக்கிறது. File > Settings என்ற இடத்தில் அது இருக்கும். கோப்பை யார் முதலில் உருவாக்கினாரோ அவர் ஊர் அதில் உட்கார்ந்திருக்கலாம், அவர் டீமைவிட்டுப் போன பிறகும்.

ஷீட் ஒன்றே என்றால் நான் அதை மேற்குக் கோடி ஊருக்கு, இங்கே டொராண்டோவுக்கு, வைப்பேன். கெடு B நிரலிலும் முடித்த தேதி C நிரலிலும் இருந்தால் நிறம் மாற்றும் சூத்திரம் இது:

```
=AND($B2<>"", $C2="", $B2<TODAY())
```

இப்படி வைத்தால் யாரும் தன் நாள் முடிவதற்குள் சிவப்பாக மாட்டார்கள். விலையாக, சிங்கப்பூர்க்காரர் கெடுவைத் தாண்டியது 12 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அது தாங்கக்கூடியது. கணினியில் நிறுவிய எக்ஸெல் வேறு மாதிரி: அதில் `TODAY()` அந்தந்தக் கணினியின் கடிகாரத்தை எடுக்கும், ஆக ஆளுக்கொரு பட்டியல்.

மார்ச்சில் டொராண்டோவில் கடிகாரத்தை மாற்றினார்கள். எங்கள் வாராந்திரக் கெடு ஒரு மணி நேரம் நகர்ந்து நிற்கிறது.

இது கணக் கெடுவுக்கு வரும் நோய். அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகின்றன, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கின்றன. 2026இல் அது மார்ச் 8. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

உங்கள் கெடு ‘ஒவ்வொரு திங்களும் டொராண்டோ நேரம் காலை 10 மணி’ என்று வையுங்கள். மார்ச் 2 அன்று அது சென்னையில் இரவு 8:30. மார்ச் 9 முதல் இரவு 7:30. சென்னைக்காரர் ஒரு மணி நேரம் முன்னதாக முடிக்க வேண்டும், அது சரியான நகர்வு. கெடு டொராண்டோவுக்குக் கட்டப்பட்டது. தவறான நகர்வு என்னவென்றால், கருவி பிப்ரவரியில் இதை ‘யுடிசி 15:00’ என்று மாற்றிச் சேமித்துவிடுவது. அப்போது சென்னையில் 8:30 அப்படியே நிற்கும், டொராண்டோவில் கெடு 11 மணிக்குப் போய்விடும். எந்த ஊரில் மணி மாறியிருக்கிறது என்று பாருங்கள்: கெடுவைக் கட்டிய ஊரிலேயே மாறியிருந்தால் கோளாறு சேமிப்பில்.

நடந்து முடிந்ததை யுடிசியில் சேமிக்கலாம். வரப்போகிறதை ஊர் நேரமாகவும் மண்டலப் பெயராகவும் சேமிக்க வேண்டும்: `10:00`, `America/Toronto`. `-05:00` என்று எண்ணைப் போட்டால் வருடத்தில் சுமார் எட்டு மாதம் தப்பு. மூன்றெழுத்துச் சுருக்கமும் வேண்டாம். `IST` என்பதை இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் பயன்படுத்துகின்றன.

கோடை நேரம் இல்லாத ஊரில் எதுவும் மாறாது என்றும் இருந்துவிட முடியாது. சிங்கப்பூர் 1982இல்தான் அரை மணி நேரம் முன்னே போய் இப்போதைய நேரத்துக்கு வந்தது. இலங்கை 1996இல் மாற்றி, அதே வருடம் மறுபடி மாற்றி, 2006 ஏப்ரலில் இந்திய நேரத்துக்குத் திரும்பியது. மண்டலப் பெயரோடு சேமித்தால் இப்படிப்பட்ட மாற்றங்கள் நேர மண்டலத் தரவுத்தளத்தின் புதுப்பிப்பில் தானாக வந்து சேரும்.

லண்டனில் யாராவது இருந்தால் ஒன்று கூடுதலாக: அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு, 2026இல் 29ஆம் தேதி. மார்ச் 8 முதல் 29 வரை லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடைவெளி ஐந்துக்குப் பதில் நான்கு மணி நேரம்.

‘வெள்ளி நள்ளிரவு 12 மணிக்குள்’ என்று எழுதலாமா?

வேண்டாம். அது வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? நம் வீடுகளில் பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். சனி அதிகாலை 1 மணியையும் ‘வெள்ளிக்கிழமை ராத்திரி’ என்றுதான் சொல்வோம். மூன்று பேரிடம் கேட்டால் மூன்று விடை வரும். 23:59 என்று எழுதி ஊரைப் போடுங்கள். தேதியையும் மாதப் பெயரோடு எழுதுங்கள். 03/04 என்பது சென்னையில் ஏப்ரல், அமெரிக்கக் கண்ணுக்கு மார்ச்.

ஆய்வு மாநாட்டு அறிவிப்பில் கெடுவுக்குப் பக்கத்தில் `AoE` என்று இருக்கிறது. அது எந்த ஊர்?

ஊரில்லை. ‘பூமியில் எங்காவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை’ என்று அர்த்தம். யுடிசிக்கு 12 மணி நேரம் பின்னால். மார்ச் 13, 23:59 என்றால் சென்னையில் மார்ச் 14 மாலை 5:29, சிங்கப்பூரில் இரவு 7:59, டொராண்டோவில் 14ஆம் தேதி காலை 7:59. வெளியே இருந்து நிறையப் பேர் அனுப்பும் விஷயத்துக்கு நல்ல ஏற்பாடு. பத்துப் பேர் டீமுக்கு எதற்கு?

சென்னைக்காரர் இரண்டு வாரம் டொராண்டோ வந்திருக்கிறார். அவர் மண்டலத்தை மாற்ற வேண்டுமா?

நாங்கள் ஒரு வாரத்துக்குக் குறைந்தால் தொடுவதில்லை. இரண்டு வாரம் என்றால் அவரே மாற்றட்டும், திரும்பியதும் அவரே திருப்பட்டும். மடிக்கணினி சொல்வதைக் கேட்டுத் தானாக மாறும் அமைப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். துபாயில் விமானம் மாறும்போது பட்டியலும் மாறும்.

இதுவரை ‘ஒரு நாள் தாமதம்’ என்று பதிவானதெல்லாம் தப்பா? பழையதை எப்படிச் சரிபார்ப்பது?

தாமதமான வேலைகளை ஊர் வாரியாகப் பிரியுங்கள். டொராண்டோ வரிசையில் நிறைய வேலைகள் சரியாக ஒரு நாள் தாமதமாகி, அவை முடிந்த நேரம் அந்த ஊர்க் கணக்கில் இரவு 8க்கும் நள்ளிரவுக்கும் நடுவில் குவிந்திருந்தால் (குளிர்காலத்தில் 7 மணியில் இருந்து) அது ஆள் செய்த தாமதம் இல்லை, யுடிசி செய்தது. உதாரணமாக, வெள்ளி இரவு 9:40க்கு முடித்த வேலை யுடிசியில் சனி 01:40 என்று பதிவாகும்.

முடித்த நேரம் கணமாகச் சேமிக்கப்பட்டிருந்தால் திரும்பக் கணக்கிடலாம்:

```sql
SELECT t.id, (t.done_at AT TIME ZONE m.tz)::date - t.due_on AS days_late
FROM tasks t JOIN members m ON m.id = t.owner_id
WHERE t.done_at IS NOT NULL;
```

`done_at` இங்கே `timestamptz` வகையாக இருக்க வேண்டும். விடை 0 அல்லது அதற்குக் கீழே என்றால் தாமதமே இல்லை. கருவி நேரத்தை விட்டுவிட்டு ‘1 நாள்’ என்ற எண்ணை மட்டும் வைத்திருந்தால் மீட்க வழியில்லை. அந்தப் பதிவுகளை யாருடைய வருடாந்திர மதிப்பீட்டிலும் சேர்க்காமல் ஒதுக்கிவைக்கச் சொல்லி மேலாளருக்கு எழுதிவிடுங்கள். நான் எழுதினேன், ஒதுக்கினார்கள்.